30 எழுத்துக்குள் தீபாவளி

கூகுளில் எதையாவது தேடினால் முடிவுகளுக்கு மேலே சில விளம்பர வரிகள் வரும். அவற்றின் தலைப்பு ஒவ்வொன்றும் 30 எழுத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு விளம்பரத்துக்கு 15 தலைப்புகள் வரை எழுதிக் கொடுக்கலாம். அவற்றில் அதிகபட்சம் மூன்றைத்தான் கூகுள் சேர்த்துக் காட்டும்.

தென்காசியில் ஒரு துணிக்கடை தீபாவளி விற்பனைக்கு விளம்பரம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். "தென்காசியில் தீபாவளி பட்டுப் புடவை" என்று எழுதுகிறார்கள். விரல்விட்டு எண்ணினால் 17 எழுத்து, 3 இடைவெளி. ஆனாலும் நீளம் அதிகம் என்று தலைப்புப் பெட்டி மறுத்துவிடும். நமக்கு 'சி' ஓர் எழுத்து. கணினிக்கு ச ஒன்று, கொக்கி ஒன்று, ஆக இரண்டு. புள்ளி, துணைக்கால், ஒற்றைக்கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. அப்படி எண்ணினால் இந்தத் தலைப்பு 34. 'யில்' என்ற ஈற்றை மட்டும் எடுத்துவிட்டால் நான்கு குறைந்து, "தென்காசி தீபாவளி பட்டுப் புடவை" சரியாக 30-இல் நிற்கிறது. கடைப் பலகையில் இப்படித்தானே எழுதுகிறோம், படிப்பவருக்கு உறுத்தாது. புள்ளி, கொக்கி, கொம்பு ஏறிய எழுத்துகள் மலிந்த சொல்லைத் தவிர்ப்பதும் தமிழில் இடம் மிச்சம் பிடிக்க ஒரு வழி.

அடுத்தது ஆட் குரூப். ஒரே நோக்கத்தோடு தேடும் சொற்களை ஒரு குரூப்பில் போட்டு, அதற்கென்று தனித் தலைப்புகள் எழுத வேண்டும். பட்டு தேடுபவருக்கு மேலே சொன்ன தலைப்பு. பிள்ளைகளுக்கு உடை தேடும் தாய்க்கு "குட்டீஸ் தீபாவளி டிரஸ்" (22). குற்றாலத்தில் குளிக்க வந்தவர் தேடுவது வேறு. அவருக்குப் பண்டிகையைவிட, நனைந்த துணிக்கு மாற்று கிடைக்குமா என்பதே கேள்வி. அந்தக் குரூப்பில் தீபாவளி என்ற சொல்லே வேண்டாம்: "குற்றாலம் அருகே துணிக்கடை" (25), "துண்டு, மாற்று உடை" (18). ஒரே தலைப்புகளை எல்லாக் குரூப்பிலும் ஒட்டினால் அவருக்கும் பட்டுப் புடவைதான் தெரியும், கடந்து போய்விடுவார்.

பெரும்பாலும் தவறு நடப்பது தலைப்புகளைத் தொடர்கதைபோல எழுதும்போதுதான். முதல் தலைப்பில் "பட்டுக்கு 20% வரை", இரண்டாவதில் "தள்ளுபடி" என்று எழுதினால், கூகுள் வரிசையை மாற்றும், ஒன்றை விட்டும்விடும். "தள்ளுபடி" மட்டும் அநாதையாக நிற்கும். ஒவ்வொரு தலைப்பும் தனியே படித்தாலும் பொருள் தர வேண்டும். கடைப்பெயர் முதலில் வந்தே ஆக வேண்டுமென்றால் அதை முதலிடத்தில் 'பின்' செய்யலாம். ஆனால் எல்லாவற்றையும் பின் செய்தால் மாற்றிப் பார்க்கக் கூகுளுக்கு வழியில்லாமல் போகும். தலைப்பில் ஆச்சரியக்குறிக்கு அனுமதியில்லை என்பதால் "அதிரடி!" எல்லாம் நிராகரிக்கப்படும்.

விளம்பரம் ஓடத் தொடங்கியதும், மக்கள் உண்மையில் என்ன தட்டித் தேடினார்கள் என்ற அறிக்கையை அடிக்கடி பார்க்க வேண்டும். பட்டுக் குரூப்பில் "புடவை வாடகைக்கு" என்பதுபோன்ற தேடல் வந்திருந்தால், 'வாடகைக்கு' என்பதை விலக்குச் சொல்லாகச் சேர்த்துவிட வேண்டும். "silk saree tenkasi" என்று ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் அதிகமாகத் தெரிந்தால், அவர்களுக்கென்று இன்னொரு குரூப் தொடங்கலாம்.