பச்சிளம் முகத்தில் வெள்ளைப் புள்ளிகள்

பிறந்த குழந்தையின் மூக்கிலும் கன்னத்திலும் ரவை ஒட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், "பால் கட்டியிருக்கு, பிதுக்கி விடு" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து பிதுக்காதீர்கள். உள்ளே இருப்பது பாலும் அல்ல, சீழும் அல்ல. தோல் உதிர்க்கும் கெரட்டின் என்ற புரதம் மேல்தோலுக்கு அடியில் சிறு முத்தாகச் சிக்கியிருக்கிறது. இதற்கு மிலியா என்று பெயர். ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு இது வரும். திறப்பு இல்லாததால் அழுத்தினாலும் வெளியே வராது. மெல்லிய தோல்தான் கிழிந்து, கிருமி நுழைய வழியாகும். சில வாரங்களில் தானே உதிர்ந்துவிடும்.

சிவந்த பருக்கள் வேறு. இவை பெரும்பாலும் பிறந்து 2 முதல் 4 வாரங்களில் கன்னத்திலும் நெற்றியிலும் தோன்றும். தோலில் இயல்பாக வாழும் ஒரு வகைப் பூஞ்சையும், எண்ணெய்ச் சுரப்பிகளின் வேகமும் காரணமாகக் கருதப்படுகின்றன. தாய் சாப்பிட்ட எதுவும் காரணமல்ல, பத்தியம் வேண்டாம். 3, 4 மாதத்தில் மறையும், தழும்பும் விடாது.

வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஒற்றித் துடைத்தால் போதும். முகத்தில் எண்ணெய், கடலை மாவு, பெரியவர்களின் பரு களிம்பு எதுவும் வேண்டாம்.

நீர் கோத்த கொப்புளம், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.