மூன்று லட்சம் எங்கே போகிறது?

சுயாதீனக் குறும்படத்துக்கு க்ரவுட் ஃபண்டிங் மூலம் பணம் கேட்கும்போது, போஸ்டருக்குக் கீழே வரும் கேப்ஷன் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: பணம் எதற்கு, கொடுப்பவருக்கு என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும்.

பதினைந்து நிமிடப் படம், மூன்று நாள் படப்பிடிப்பு, இலக்கு 3,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். கேமரா, லைட் வாடகை, யூனிட் பேட்டா, சாப்பாடு, வண்டி எல்லாம் சேர்ந்து 1,60,000. எடிட்டிங், டப்பிங், கலரிங், மிக்ஸிங் 75,000. திரைவிழாக்களின் நுழைவுக் கட்டணம் 20,000. மீதி 45,000 படத்துக்குள் வராத பணம்: 25,000 தளத்தின் கமிஷனுக்கும் பணப் பரிமாற்றக் கட்டணத்துக்கும், 20,000 பரிசுகளுக்கும் போகிறது. கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளத்தில் கமிஷன் 5 சதவீதம். பரிமாற்றக் கட்டணம் தனி. கேப்ஷனில் பெரும்பாலும் விடுபடுவது இந்த 45,000தான். முதலிலேயே கணக்கில் சேர்க்காவிட்டால், படப்பிடிப்பு முடிந்தபின் அது டப்பிங், மிக்ஸிங் காசிலிருந்துதான் போகும். திரையரங்கில் வசனம் தெளிவாகக் கேட்காத குறும்படங்கள் சில இப்படியும் உருவாகின்றன.

பரிசுகளைப் பற்றி எழுதும்முன் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். 1,000 ரூபாய் கொடுப்பவருக்கு டி-ஷர்ட் என்றால், சட்டைக்கு 350, கூரியருக்கு 80 போக 570தான் படத்துக்குச் சேரும். டைட்டிலில் நன்றி சொல்லிப் பெயர் போடுவதற்குச் செலவே இல்லை; பலருக்கு அதுவே பெரிய மகிழ்ச்சி. ஆனால் பெயரை எந்த எழுத்தில் போட வேண்டும் என்று இறுதிப் பிரதி எடுக்கும்முன் கேட்டுவிட வேண்டும். படத்தின் லிங்க் தருவதாகச் சொன்னால், திரைவிழாச் சுற்று முடிந்த பிறகே அது பொதுவெளிக்கு வரும் என்பதையும் எழுதுவது நல்லது. இணையத்தில் ஏற்கெனவே வெளியான படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. லாபத்தில் பங்கு என்று மட்டும் எழுதக் கூடாது. இந்தியாவில் அது முதலீடு திரட்டுவதாகக் கருதப்படலாம். கம்பெனிச் சட்டமும் செபி விதிகளும் குறுக்கே வரும்.

தேதியில் இரண்டு உண்டு: வசூல் முடியும் நாள், படம் கையில் கிடைக்கும் நாள். கிக்ஸ்டார்ட்டரில் அதிகபட்சம் 60 நாள் பணம் திரட்டலாம். இலக்கை எட்டாவிட்டால் யாரிடமும் பணம் எடுக்கப்படாது. திரண்டதைத் திரண்டவரை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அப்போது பாதிப் பணத்தில் என்ன செய்யப்படும் என்று சொல்லியாக வேண்டும். உதாரணமாக: “ஜூன் 30 வரை நிதி திரட்டுகிறோம். 2,00,000 மட்டும் வந்தால் இரண்டு நாளில் எடுப்போம். மூன்றாம் நாள் மழைக் காட்சி இருக்காது. அதற்கும் குறைந்தால் ஜூலை 15க்குள் பணம் திரும்ப வரும். படத்தின் லிங்க் அடுத்த மார்ச்சில். தாமதமானால் காரணத்தை எழுதுவோம்.”