ஏடன் வளைகுடாவில் வணிகக் கப்பல்களின் கடற்கொள்ளைத் தடுப்பு முறைகள்

ஏடன் வளைகுடா என்பது ஏமனுக்கும் சோமாலியாவுக்கும் இடையே உள்ள கடற்பகுதியாகும். சூயஸ் கால்வாய் வழியாக ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே செல்லும் கப்பல்கள் இதைக் கடந்தே ஆக வேண்டும். 2008 முதல் 2011 வரையான ஆண்டுகளில் சோமாலியக் கடற்கொள்ளையர் இங்கும் அரபிக்கடலிலும் பல கப்பல்களைக் கைப்பற்றி, மாலுமிகளைப் பிணையாக வைத்துப் பணம் பெற்றனர். ஆயுதமற்ற ஒரு சரக்குக் கப்பல் கொள்ளையருடன் சண்டையிட முடியாது. எனவே அது செய்யும் ஏற்பாடுகள் அனைத்தும் நேரத்தைக் கணக்கிட்டே அமைகின்றன. கொள்ளையர் கப்பலைப் பிடிக்க ஆகும் நேரம், போர்க்கப்பல் வந்து சேர ஆகும் நேரத்தை விட நீள வேண்டும்.

வழித்தடம்

2009இல் இக்கடலில் பன்னாட்டுப் பரிந்துரை வழித்தடம் ஒன்று வகுக்கப்பட்டது. கிழக்கு நோக்கிச் செல்வோருக்கு ஒன்று, மேற்கு நோக்கிச் செல்வோருக்கு ஒன்று என 5 கடல் மைல் அகலமுள்ள இரண்டு பாதைகள் இதில் உண்டு. அவற்றின் நடுவே 2 கடல் மைல் இடைவெளி விடப்பட்டது. பரந்த கடலெங்கும் சிதறிச் செல்லும் கப்பல்களைச் சில போர்க்கப்பல்களால் காக்க இயலாது. எல்லாரும் ஒரே ஒடுங்கிய பாதையில் சென்றால் அது முடியும்.

ஒத்த வேகமுள்ள கப்பல்கள் குழுவாகச் செல்லும் முறையும் இதனுடன் ஏற்பட்டது. 10 நாட் வேகத்தில் செல்லும் கப்பல் முன்னதாகவும் 18 நாட் வேகத்தில் செல்லும் கப்பல் பின்னதாகவும் புறப்பட நேரம் குறிக்கப்பட்டது. மிக ஆபத்தான பகுதியை அவை இரவில் கடக்க வேண்டும் என்பதே நோக்கம். தாக்குதல்கள் பெரும்பாலும் விடியற்காலையிலும் பிற்பகலின் இறுதியிலும் நடந்தன. இருட்டில், ஓடும் கப்பலின் பக்கவாட்டில் ஏணி மாட்டுவது கடினம்.

இந்த வழித்தடத்திற்கு ஒரு வரம்பு உண்டு. காவல் கூடியதும் கொள்ளையர் பிடித்து வைத்திருந்த மரக்கலங்களையும் மீன்பிடிக் கப்பல்களையும் தாய்க்கப்பலாக்கி, சிறுபடகுகளை இழுத்துக்கொண்டு ஆழ்கடலுக்குள் வந்தனர். அதன் பிறகு கரையிலிருந்து தொலைவில் இருப்பது மட்டுமே பாதுகாப்பாக இருக்கவில்லை.

கூடுதல் கண்காணிப்பு

கொள்ளையரின் சிறுபடகு சுமார் 25 நாட் வேகத்தில் ஓடக்கூடியது. 14 நாட் வேகத்தில் செல்லும் ஒரு கப்பலை அது பின்னாலிருந்து துரத்துவதாகக் கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வேக வேறுபாடு 11 நாட். படகை 3 கடல் மைல் தொலைவில் கண்டுவிட்டால் கையில் இருப்பது சுமார் 16 நிமிடம். ஒரு கடல் மைலில்தான் கண்டால் ஐந்தரை நிமிடமே மிஞ்சும். அதற்குள் அபாய மணி அடித்து, செய்தி அனுப்பி, தளத்தில் வேலை செய்வோரை உள்ளே அழைத்துக் கதவுகளைப் பூட்ட முடியாது. அதே கப்பல் 18 நாட் வேகத்தில் சென்றால், 3 கடல் மைலுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 26 நிமிடமாக உயரும். ஆபத்தான பகுதியில் கப்பல்கள் முழு வேகத்தில் செல்வதற்கு இதுவே காரணம்.

சிறுபடகு ராடாரில் தெளிவாகத் தெரிவதில்லை. அலைகளின் எதிரொலியில் மறைந்துவிடும். அதனால் மனிதக் கண்களையே நம்ப வேண்டியுள்ளது. வழக்கமான காவலுடன் கூடுதல் ஆட்கள் நிறுத்தப்படுகின்றனர். குறிப்பாகக் கப்பலின் பின்புறத்தைப் பார்க்க ஒருவர் தேவை, ஏனெனில் கப்பலோட்டும் அறையிலிருந்து பின்பக்கம் சரியாகத் தெரியாது. தொலைநோக்கியில் வெறுங்கடலையே பார்த்துக்கொண்டிருப்பவரின் கவனம் விரைவில் தளரும் என்பதால் காவல் நேரமும் குறைக்கப்படுகிறது. ஆட்கள் குறைவான கப்பல்களில் வேலையுடை அணிவித்த பொம்மைகளையும் தளத்தில் நிறுத்துவதுண்டு!

நெருங்கும் ஒவ்வொரு படகும் கொள்ளையருடையது அல்ல. வலை அறுந்துவிடாமல் காக்க மீனவர்கள் தாமாகவே கப்பலை நோக்கி வருவார்கள். சிலர் தற்காப்புக்குத் துப்பாக்கியும் வைத்திருப்பார்கள். படகில் வலைக்குப் பதிலாகக் கொக்கியுள்ள ஏணி இருந்தால் ஐயத்திற்கு இடமில்லை.

காப்பறை

இவ்வளவும் மீறிக் கொள்ளையர் ஏறிவிட்டால் கடைசி வழி காப்பறை. ஆங்கிலத்தில் இதைச் சிட்டாடல் என்பர். எஞ்சின் அறையோ சுக்கான் இயந்திர அறையோ இதற்குத் தெரிவு செய்யப்படுகிறது. பிணைக்கு ஆள் இல்லாத நிலையில் கடற்படை வீரர்கள் தயங்காமல் கப்பலில் ஏறலாம் என்பதே இதன் அடிப்படை. அதனால் மூன்று நிபந்தனைகள் உள்ளன. ஒருவர் விடாமல் அனைவரும் உள்ளே இருக்க வேண்டும். உள்ளிருந்து வெளியுலகுடன் பேச முடிய வேண்டும். கொள்ளையர் கப்பலை ஓட்ட முடியாதபடி எஞ்சின் நிறுத்தப்பட வேண்டும். ஒரே ஒரு சமையற்காரர் வெளியே சிக்கிக்கொண்டாலும் காப்பறை பயனற்றதாகிவிடும்.

இதனால்தான் ஆபத்தான பகுதியை அடையும் முன்பே ஒத்திகை நடத்தப்படுகிறது. மணி ஒலித்ததிலிருந்து கதவு பூட்டப்படும் வரை நேரம் குறிக்கப்படும். உள்ளே தலை எண்ணப்படும். குளிர்பதன அறையில் இருந்தவருக்கு மணியோசை கேட்டதா, தூங்கிக்கொண்டிருந்தவர் எந்தப் படிக்கட்டு வழியாக வந்தார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். செயற்கைக்கோள் தொலைபேசி எஃகுச் சுவர்களுக்குள் வேலை செய்யாது. வெளியே மறைவான இடத்தில் ஆன்டெனா வேண்டும். ஒத்திகையில் அழைத்துப் பார்க்காமல் அது இயங்குகிறது என்று நம்புவது வீண். குடிநீர், உணவு, மருந்து, கழிப்பறை வசதி, காற்றோட்டம் ஆகியவையும் அன்றே பார்க்கப்படும். எஞ்சின் அறையைக் காப்பறையாக்கினால், தீயணைப்புக்கான கரியமில வாயுவை வெளியிலிருந்து யாரும் உள்ளே திறந்துவிட முடியாதபடியும் செய்ய வேண்டும்.

2011 அக்டோபரில் சோமாலியாவுக்கு அப்பால் தாக்கப்பட்ட மான்டெகிறிஸ்டோ என்ற இத்தாலியக் கப்பலில் 10 இந்தியர் உட்பட 23 மாலுமிகள் காப்பறைக்குள் சென்றனர். கொள்ளையர் தொடர்புச் சாதனங்களைத் துண்டித்துவிட்டனர். மாலுமிகள் ஒரு சீட்டு எழுதிப் புட்டியில் இட்டு, ஒளிரும் விளக்கு ஒன்றைச் சேர்த்துக் கட்டிச் சாளரம் வழியாகக் கடலில் எறிந்தனர். தாம் அனைவரும் பாதுகாப்பாக உள்ளே இருப்பதை அதன் மூலம் தெரிவித்தனர். மறுநாள் பிரித்தானிய, அமெரிக்கக் கடற்படைகள் கப்பலை மீட்டன. 11 கொள்ளையர் சரணடைந்தனர்.

அதே ஆண்டு சனவரியில் சீசெல்சுக்கு வடக்கே பெலுகா நாமினேசன் கப்பலில் நடந்தது வேறு. மாலுமிகள் முறைப்படி காப்பறைக்குள் சென்றனர். ஆனால் அருகில் போர்க்கப்பல் இல்லை. இரண்டு நாட்களுக்கு மேல் ஆன நிலையில் கொள்ளையர் காப்பறையை வெட்டித் திறந்து உள்ளே புகுந்தனர். பிறகு நிகழ்ந்தவற்றில் மாலுமிகள் சிலர் உயிரிழந்தனர். காப்பறையின் சுவர் எவ்வளவு தடிமனானாலும், உதவி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே அதன் உண்மையான வலிமையைத் தீர்மானிக்கிறது.

அண்மைய நிலை

தாக்குதல்கள் குறைந்ததால் 2023 சனவரி 1 முதல் இந்தியப் பெருங்கடலின் உயர் அபாயப் பகுதி என்ற வரையறை நீக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே கடத்தல்கள் மீண்டும் தொடங்கின. 2024 சனவரி 4 அன்று லீலா நார்ஃபோக் என்ற கப்பலில் ஆயுதம் தாங்கியோர் ஏறினர். 15 இந்தியர் உட்பட 21 மாலுமிகள் காப்பறைக்குள் இருந்தனர். மறுநாள் ஐ.என்.எஸ். சென்னை போர்க்கப்பலின் கமாண்டோக்கள் ஏறிச் சோதித்தபோது கொள்ளையர் கப்பலை விட்டுச் சென்றிருந்தனர்.