எல்லா ரன்னும் ‘சக்சஸ்’தான்... ஆனாலும் க்யூ ஏறிக்கிட்டே போறது ஏன்?

டிக்கெட் புக் பண்ணியாச்சு, பணமும் போயாச்சு. ஆனா கன்ஃபர்மேஷன் மெசேஜ் மட்டும் ஒரு மணி நேரம் கழிச்சுதான் வருது. கம்பெனியில கேட்டா, “எங்க சிஸ்டத்துல எந்த எரரும் இல்லையே” என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சிக்கலே அதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

அனுப்ப வேண்டிய மெசேஜ்கள் முதலில் ஒரு க்யூவில் சேரும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு புரோகிராம் ஓடி, பழைய மெசேஜில் இருந்து தொடங்கி 500-ஐ எடுத்து அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஐந்நூறும் போய்விட்டால் ‘சக்சஸ்’ என்று பதிவாகும். எடுத்த வேலை முடிந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். எடுக்காமல் விட்டது எவ்வளவு என்று அது சொல்லாது.

இப்போது அதே 5 நிமிடத்தில் புதிதாக 520 மெசேஜ் வருகிறது. ஒவ்வொரு ரன்னிலும் 20 மிச்சம். பார்க்க சின்ன எண்தான். ஆனா ஒரு நாளைக்கு 288 ரன். அப்படியென்றால் நாள் முடிவில் தேங்குவது 5,760. கடைசியாக வந்த மெசேஜ், இவை அத்தனையும் போகும் வரை காத்திருக்க வேண்டும். அதாவது 58 நிமிடம் வரை. மறுநாள் இது கிட்டத்தட்ட இரண்டு மணி நேரமாகிவிடும். இத்தனைக்கும் ஒரு ரன்கூட ஃபெயில் ஆகவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

க்யூ நீளமாக இருப்பதே தப்பு இல்லை. காலையில் ஏறி, கூட்டம் குறையும் இரவில் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டால் கவலையே வேண்டாம். பார்க்க வேண்டியது அன்றைய மிகக் குறைந்த அளவை. அது நாளுக்கு நாள் ஏறினால், வரும் வேகத்துக்கு அனுப்பும் வேகம், அதாவது த்ரோபுட், ஈடுகொடுக்கவில்லை.

லாகிலேயே இன்னொரு தடயம் கிடைக்கும். ஒவ்வொரு ரன்னிலும் சரியாக 500, 500 என்றே வருகிறதா? சமாளிக்கிற சிஸ்டத்தில் இடையிடையே 430, 380 என்று குறைந்த எண்ணும் வரும். எப்போதும் உச்சவரம்பிலேயே நிற்கிறது என்றால், வெளியே இன்னும் ஆள் நிற்கிறது என்று பொருள்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. போகாத 60 மெசேஜை புரோகிராம் மறுபடி க்யூவிலேயே போட்டுவிட்டு ‘சக்சஸ்’ சொல்லலாம். அப்போது நிஜமாக முடிந்தது 440 மட்டுமே.

தீர்வு?

உச்சவரம்பை 600 ஆக்கினால் ஒரு ரன்னுக்கு 80 கூடுதலாகப் போகும். தேங்கிய 5,760-ம் தீர 72 ரன், அதாவது 6 மணி நேரம் ஆகும். ஆனா 500 மெசேஜுக்கே 4 நிமிடம் பிடிக்கிறது என்றால், 600-க்கு 4 நிமிடம் 48 விநாடி. 5 நிமிடத்துக்குள் 625-தான் எல்லை. அதைத் தாண்ட, பக்கத்திலேயே இன்னொரு புரோகிராமை ஓடவிட வேண்டும். அதையும் மெசேஜை வாங்கி அனுப்பும் கேட்வே அனுமதித்தால்தான்.