டீக்கடைப் பேச்சு எழுத்தாகும்போது

சிறு கடைக்காரர்கள் இருவர் சேர்ந்து தொழில் செய்யும் யோசனை பெரும்பாலும் நின்றபடி பேசும் பேச்சில்தான் பிறக்கிறது. “உங்க கடைக்குத்தான் நாலு பேர் வர்றாங்க, நம்ம பக்கமும் அனுப்பி விடுங்கண்ணே, உங்களுக்கும் பாத்துச் செய்யறேன்” என்று ஒருவர் சொல்வார். “அதுக்கென்னம்மா, செஞ்சுடலாம்” என்று மற்றவர் சொல்வார். இருவரும் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் எதை அனுப்புவது, யார் காசு வாங்குவது, ‘பாத்துச் செய்வது’ எவ்வளவு என்ற மூன்றும் அந்தப் பேச்சில் இல்லை. பதில் சொல்ல வேண்டிய கேள்வி எதுவும் கையில் இல்லாததால் பேச்சு அப்படியே நின்றுபோகிறது. அதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகச் சுருக்கி எழுதி அனுப்பினால், மறுபக்கத்தில் இருப்பவர் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியும்.

மாதிரிக்கு, கும்பகோணம் போன்ற ஓர் ஊரில் சிறிய புடவைக் கடை ஒன்றையும், இரண்டு தெரு தள்ளி மூன்று மெஷின் வைத்து ஒரு பெண் நடத்தும் தையல் கடையையும் எடுத்துக்கொள்ளலாம். புடவை வாங்கியவர் அதை உடுத்துவதற்கு முன் கீழ் ஓரத்தில் ஃபால்ஸ் வைக்க வேண்டும், இரு முனைகளிலும் பீக்கோ அடிக்க வேண்டும். பெரிய ஜவுளிக் கடைகள் பல இதைக் கடைக்குள்ளேயே செய்து கொடுக்கின்றன. சிறிய கடையில் அந்த வசதி இல்லை. வாங்கியவர் பையைத் தூக்கிக்கொண்டு தையற்காரரைத் தேடி அலைகிறார். அடுத்த முறை பெரிய கடைக்கே போகிறார். தையற்காரரின் நிலைமை வேறு. கல்யாண மாதங்களில் பிளவுஸ் வேலை குவிகிறது. முகூர்த்தம் இல்லாத ஆடியில் மெஷின்கள் சும்மா நிற்கின்றன. அதே ஆடியில்தான் தள்ளுபடி விற்பனையால் புடவைக் கடையில் கூட்டம். ஒருவருக்கு வேலை இல்லாத மாதம் மற்றவருக்கு வேலை மிகுந்த மாதமாக அமைவது எல்லாத் தொழில்களுக்கும் வாய்ப்பதில்லை. இங்கே வாய்த்திருக்கிறது. செய்தியின் உயிரான இடம் இதுதான். டீக்கடைப் பேச்சில் இது வரவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எழுத உட்காரும் முன் செய்ய வேண்டிய வேலை, மறுபக்கத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்பது. கடைக்காரர் நாளொன்றுக்குப் பதினைந்து புடவை விற்பதாகப் பேச்சில் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேர் ஃபால்ஸ் கேட்டால் ஏறக்குறைய எட்டுப் புடவை. ஒரு புடவைக்கு 120 ரூபாய் வாங்கி, அதில் 20 ரூபாய் கடைக்கு விட்டால், 26 வேலை நாட்களில் கடைக்குக் கிடைப்பது 4,160 ரூபாய். தையற்காரருக்கு 20,800 ரூபாய். எழுதுபவர் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். புடவைக் கடை முதலாளி ஒருவருக்கு மாதம் நாலாயிரம் பெரிய ஆசை காட்டாது. அதற்காக இன்னொரு கணக்கு நோட்டைத் திறக்க அவருக்கு மனம் வராது. அவருடைய உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. தைத்த புடவையை வாங்கிக்கொள்ள அந்த வாடிக்கையாளர் மூன்றாம் நாள் மறுபடி கடைக்கு வருவார். மாதம் இருநூறு பேர் இரண்டாம் முறை கடை ஏறுவது, விளம்பரம் கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத ஒன்று. அதனால் கமிஷனைப் பின்னால் தள்ளி, இந்த இரண்டாம் வருகையை முன்னால் வைக்க வேண்டும்.

தன் லாபத்தையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். பலரும் இங்கே கூச்சப்பட்டு, எல்லாமே எதிராளியின் நன்மைக்காக என்பதுபோல் எழுதிவிடுகிறார்கள். வியாபாரம் தெரிந்தவருக்கு அதைப் படித்ததும் சந்தேகம்தான் வரும். சொல்லாமல் விட்டது ஏதோ இருக்கிறது என்று நினைப்பார். ஆடியில் தையல் ஆட்களுக்கு வேலை வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால், இவர் ஏன் இதைக் கேட்கிறார் என்பது விளங்கிவிடும்.

அடுத்தது கெட்டுப்போனால் என்ன என்ற கேள்வி. பட்டுப்புடவையில் இஸ்திரிச் சூடு பட்டாலோ கத்தரி இழுத்தாலோ பொறுப்பு யாருக்கு? கடைக்காரர் மனதில் முதலில் எழும் பயம் இதுவே. அதைவிட மெல்ல வரும் தொல்லையும் உண்டு. பருத்தி ஃபால்ஸை நனைத்துக் காயவைக்காமல் அப்படியே வைத்துத் தைத்தால், முதல் சலவையில் ஃபால்ஸ் மட்டும் சுருங்கிப் புடவையின் ஓரத்தை இழுத்துச் சுருக்கிவிடும். சாயம் நிற்காத ஃபால்ஸ் என்றால் கறையும் படியும். இரண்டுக்கும் வாடிக்கையாளர் வந்து சண்டை போடுவது கடைக்காரரிடம்தான். ஆகவே, நனைத்துக் காயவைத்த ஃபால்ஸ் என்ற ஒரு சொற்றொடரும், பழுதுக்கு யார் பொறுப்பு என்ற ஒரு வரியும் செய்தியில் கட்டாயம் இருக்க வேண்டும். தொழில் தெரிந்தவர் என்பதை அந்த ஒரு சொற்றொடரே காட்டிவிடும்.

இவ்வளவும் சேர்ந்தபின் செய்தி இப்படி அமையும்:

“அண்ணே, வணக்கம். நேற்றுப் பேசியதை எழுதி அனுப்புகிறேன். உங்களிடம் புடவை எடுப்பவர்கள் ஃபால்ஸ், பீக்கோவுக்கு வெளியே அலைகிறார்கள். அதை உங்கள் கடையிலேயே வாங்கி வையுங்கள். தினமும் மாலை 6 மணிக்கு என் ஆள் வந்து எடுத்துக்கொள்வார், மூன்றாம் நாள் மாலை தைத்துத் தந்துவிடுவேன்.

உங்களுக்கு: புடவையை வாங்க வாடிக்கையாளர் இன்னொரு முறை கடைக்கு வருவார். எனக்கு: ஆடியில் கல்யாண வேலை இல்லாதபோது ஆட்களுக்கு வேலை கிடைக்கும்.

புடவைக்கு 120 ரூபாய் நீங்கள் வாங்குங்கள். 20 உங்களுக்கு, 100 எனக்கு. சனிக்கிழமை கணக்கு. நனைத்துக் காயவைத்த ஃபால்ஸ்தான் வைப்பேன். என் கையில் புடவை பழுதானால் பில் விலையை நான் தருகிறேன். நாளைக்குப் பத்துப் புடவை வரை முடியும்.

ஆடி 1 முதல் ஒரு மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால், சனிக்கிழமை வந்து இரண்டு புடவை மாதிரிக்குத் தைத்துக் காட்டுகிறேன்.”

படிக்க ஒரு நிமிடம் போதும். நீண்ட செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடித்துவிடுவதால், மறுபக்கத்துக்கான நன்மை மேலே இருப்பது நல்லது. மடிந்த பகுதியைத் திறக்காதவரும் அதைப் பார்த்துவிடுவார். ‘நாளைக்குப் பத்து’ என்ற வரம்பு சிலருக்குப் பலவீனமாகத் தெரியலாம். ஆனால் தள்ளுபடி நாளில் முப்பது புடவை வந்து சேர்ந்து, மூன்றாம் நாள் பாதிகூட முடியாமல் போனால், கடைக்காரர் வாடிக்கையாளர் முன் தலைகுனிய நேரும். வரம்பு அவரையும் காக்கிறது. பிளவுஸ், முந்தானைக் குஞ்சம், புடவை கொடுக்கும்போது போடும் சீட்டு, நெசவிலேயே இருந்த பழுதைப் பிரித்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் முறை ஆகியவை இந்தச் செய்தியில் இல்லை. அவை சரி என்ற பதில் வந்தபின் நேரில் பேச வேண்டியவை. முதல் செய்தியிலேயே எல்லாவற்றையும் ஏற்றினால் படிப்பவர் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று வைத்துவிடுவார்.

பேச்சு நடையை விட்டு எழுத்துக்கு வரும்போது நேரும் இன்னொரு தவறு, பெரிய நிறுவனக் கடிதத்தின் தோரணையைக் கடன் வாங்குவது. ‘இரு தரப்பும் பரஸ்பரம் பயனடையும் வகையில் நீண்டகால ஒத்துழைப்பை ஏற்படுத்திக்கொள்ள விழைகிறோம்’ என்ற வாக்கியத்தில் புடவையும் இல்லை, ரூபாயும் இல்லை, கிழமையும் இல்லை. டீக்கடைப் பேச்சில் என்ன விடுபட்டதோ அதுவே இதிலும் விடுபடுகிறது. ‘அண்ணே’ என்ற உறவும் கூடவே போய்விடுகிறது. எழுதியதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அந்தச் செய்தியைப் பாத்திரக் கடைக்காரருக்கு அனுப்பினாலும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். பொருந்துமானால் அதில் இன்னும் விஷயம் சேரவில்லை.

சட்டப் பக்கத்திலும் ஒரு கவனம் தேவை. உற்சாகத்தில் ‘நாம் பார்ட்னர்ஷிப்பில் செய்வோம், லாபத்தில் பாதிப் பாதி’ என்று எழுதிவிடுவது வழக்கம். எல்லோரும் சேர்ந்தோ, எல்லோர் சார்பாக அவர்களில் யாரேனுமோ நடத்தும் தொழிலின் லாபத்தைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டவர்களின் உறவையே 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் கூட்டாண்மை என்கிறது. அப்படி ஓர் உறவு ஏற்பட்டால், அந்தத் தொழிலின் கடனுக்குக் கூட்டாளிகள் ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பாவார்கள். எழுதிய சொல்லை மட்டும் வைத்து அந்த உறவு தீர்மானமாவதில்லை, நடைமுறை முழுவதையும் பார்ப்பார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் கேள்விக்கே இடம் தர வேண்டியதில்லை. புடவைக்கு இவ்வளவு என்று துண்டுக்கணக்கில் எழுதினால் இருவரும் தனித்தனி வியாபாரிகளாகவே இருப்பார்கள். எது லாபம், எது செலவு என்ற வாதமும் எழாது.

வாட்ஸ்அப்பில் எழுதியதற்கு மதிப்பு இல்லை என்று நினைப்பதும் சரியல்ல. முன்மொழிவும் ஏற்பும் மின்னணு வடிவில் இருந்தன என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. அதனால் நிறைவேற்ற முடியாததை எழுதக் கூடாது. பில் விலையைத் தருவதாக எழுதுமுன், ஒரு புடவையின் விலை எவ்வளவு வரை தன்னால் தாங்க முடியும் என்று தையற்காரர் யோசிக்க வேண்டும். இருபதாயிரம் ரூபாய்ப் பட்டைத் தொடவே பயமென்றால், ஐந்தாயிரத்துக்கு உட்பட்ட புடவைகள் மட்டும் என்று தொடக்கத்திலேயே எழுதிவிடலாம்.

பதில் பலவிதமாக வரும். இரண்டு நீலக் குறிகள் படித்ததைத்தான் காட்டும், ஒப்புதலைக் காட்டாது. வெள்ளிக்கிழமை தாண்டியும் பதில் இல்லையென்றால் ஒரு முறை நேரில் போய்க் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதே மரியாதை. ‘சரிம்மா, ஆனா முப்பது ரூபாய்’ என்று வந்தால் அது ஏற்பு அல்ல, புது முன்மொழிவு. ஏற்பு முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. அப்போது தையற்காரர் தன் 90 ரூபாயில் ஃபால்ஸ் துணி, நூல், ஆள் கூலி எல்லாம் அடங்குமா என்று பார்க்க வேண்டும். அடங்கினால் துண்டு துண்டாகப் பதில் அனுப்பாமல், மாற்றிய தொகையுடன் முழுச் செய்தியையும் மறுபடி ஒரே செய்தியாக அனுப்பி, அதற்கு ‘சரி’ என்ற பதிலை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆடி முடிந்ததும் எத்தனை புடவை வந்தன, எத்தனை தாமதமாயின, தைத்ததை வாங்க வந்தவர்களில் எத்தனை பேர் இன்னொரு புடவை எடுத்தார்கள் என்ற மூன்று கணக்கை இருவரும் ஒப்பிட்டால், ஆவணியில் கல்யாண வேலையோடு இதையும் தொடர்வதா, நாளைக்கு ஐந்தாகக் குறைப்பதா என்று முடிவு செய்யலாம்.