கொக்குவிலில் இருந்து கடல்கடந்த கூட்டத்திற்கு

கொக்குவிலில் உள்ள குடும்பக் காணியை விற்பதா, வைத்திருப்பதா என்று தீர்மானிக்க உடன்பிறந்தோர் நால்வர் தொலைபேசியில் கூடுகின்றனர் என வைத்துக்கொள்வோம். இருவர் ரொறன்ரோவிலும் ஒருவர் இலண்டனிலும் வசிக்கின்றனர். ஊரில் இருக்கும் மூத்தவரிடம் இணைய வசதி இல்லை. வீட்டுத் தொலைபேசி மட்டுமே உண்டு. அவர் இணையத் தவறினால் அவரது சொல் இல்லாமலே முடிவு எட்டப்பட்டுவிடும். கனடாவில் இருந்து அவருக்குத் தரப்பட்டவை ஓர் அழைப்பு எண்ணும் ஒரு கூட்டக் குறியீடும்தான்.

அழைப்பு எண் ஒரு கட்டடத்தின் முகவரியைப் போன்றது. அங்கே பதிலளிப்பது மனிதர் அல்லர். ஒரே வேளையில் பல அழைப்புகளை ஏற்று, அவற்றைத் தனித்தனிக் கூட்டங்களாக இணைக்கும் கணினி. எந்த அறைக்குள் நுழைவது என்பதைக் காட்டுவது கூட்டக் குறியீடு. சில சேவைகள் அதன்பின் இரகசிய எண்ணையும் கேட்கும். கூட்டத்தை நடத்துபவருக்கென்று தனி இரகசிய எண் இருப்பின், அதை மற்றவர்களுக்கு அனுப்பலாகாது. அதை அறிந்தவர் கூட்டத்தையே தம் கட்டுப்பாட்டில் கொண்டுவர முடியும்.

எடுத்துக்காட்டாக, தரப்பட்ட எண் 647-555-0123 எனில், கொக்குவிலில் இருந்து அதை அப்படியே அழுத்திப் பயனில்லை. சர்வதேச அழைப்புக்கான 00, கனடாவுக்கான 1 ஆகியவற்றை முன்னே சேர்த்து 00 1 647 555 0123 என அழுத்த வேண்டும். குரல் கேட்டதும் குறியீட்டையும் இறுதியில் # பொத்தானையும் அழுத்த வேண்டும்.

தவறு எங்கே என்பதை அழைப்பே காட்டிக்கொடுக்கும். பதிவுசெய்த குரல் கேட்கவே இல்லையெனில் கோளாறு அழைப்பு எண்ணில் அல்லது தொலைபேசியில் உள்ளது. வெளிநாட்டு அழைப்பு வசதி செயற்படுத்தப்படாதிருக்கலாம். அல்லது தரப்பட்டது 1-800 போன்ற கட்டணமில்லா எண்ணாக இருக்கலாம். அத்தகைய எண்கள் பெரும்பாலும் அந்நாட்டுக்கு வெளியே இயங்குவதில்லை. குரல் கேட்டபின் குறியீடு ஏற்கப்படாவிட்டால், இலக்கங்களை மெதுவாக, ஒவ்வொன்றாக மீண்டும் அழுத்துக. ஒவ்வொரு பொத்தானும் ஒரு தனி ஒலியை எழுப்புகின்றது. அவ்வொலி வழியில் சிதைந்தால் இலக்கம் தவறாகும். இசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், பெரும்பாலும் நடத்துபவர் இன்னும் வரவில்லை என்பதே பொருள்.

கட்டணத்தையும் நேரத்தையும் முன்னரே கேட்டறிக. ரொறன்ரோ எண்ணை அழைத்தால் கொக்குவில் வீட்டுக்கு வெளிநாட்டுக் கட்டணமே விழும். இலங்கை எண் தரப்பட்டிருந்தால் அதையே பயன்படுத்தலாம். அல்லது கனடாவில் இருப்பவரே வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து, மூத்தவரைக் கூட்டத்தில் சேர்க்க முடியுமா என்று கேட்கலாம். ரொறன்ரோவில் காலை 9 மணி என்றால் அங்கு கோடையில் கொக்குவிலில் மாலை 6.30; குளிர்காலத்தில் இரவு 7.30. இந்த ஒரு மணி நேரத்தை மறந்தவர், எண்கள் யாவும் சரியாக இருந்தும் வெற்று அறைக்குள்ளேயே காத்திருப்பார்.