பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் தொலைந்தால்

பேருந்தில் கைப்பையோடு பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் ‘தொலைந்த ஆவண அறிக்கை’ பதிந்தால் உடனே ஒரு தாள் கிடைக்கும். பலர் அத்துடன் வேலை முடிந்தது என்று நினைத்து அங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். அந்தத் தாள், தொலைந்ததாக நீங்கள் சொன்னதற்கான பதிவு மட்டுமே; போலீஸார் அதற்காக விசாரிப்பதில்லை. இரண்டாம்படி கேட்கும்போது, தேடியும் கிடைக்கவில்லை என்ற காவல் நிலையச் சான்றையும் கேட்பதுண்டு. எது வேண்டும் என்று முதலில் பள்ளியில் விசாரித்துவிட்டுப் புகார் கொடுங்கள்.

விண்ணப்பம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். தேர்வெழுதிய மாதம், ஆண்டு, பதிவெண் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். பதிவெண் மறந்திருந்தால் பள்ளியின் பழைய பதிவேடுகளில் தேடச் சொல்லலாம். வீட்டில் ஜெராக்ஸ் இருந்தால் அலைச்சலே இல்லை. மாற்றுச் சான்றிதழும் சேர்ந்து தொலைந்திருந்தால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும், அதைக் கொடுப்பது பள்ளிதான்.

கிழிந்தோ நனைந்தோ போன சான்றிதழைத் தூக்கி எறியாதீர்கள். மிச்சமிருக்கும் துண்டையும் விண்ணப்பத்துடன் கொண்டுபோங்கள்.